கோபத்தில் எழுதிய பதில்: உடனே அனுப்புவதா, ஆறப்போட்டுத் திருத்துவதா, அனுப்பாமலே விடுவதா?

"பதிலை எழுதி முடித்துவிட்டேன், இரண்டு நாளாக வரைவிலேயே கிடக்கிறது, அனுப்பினால் உறவு கெடும், அனுப்பாவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்" என்ற தவிப்போடு வாசகர்கள் பலர் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது அலுவலக மின்னஞ்சலாக இருக்கிறது. சில நேரம் உடன்பிறந்தவருக்கோ நெடுநாள் நண்பருக்கோ எழுதியதாக இருக்கிறது. அவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்றே: எழுது, ஒரு இரவு பொறு, திருத்து, அனுப்பு. இந்த அறிவுரையில் ஒரு குறை இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். திருத்தும் வேலையில் இறங்கியவருக்கு, இதை அனுப்பத்தான் வேண்டுமா என்ற கேள்வி மெல்ல மறைந்துபோகிறது. மூன்று மணி நேரம் செதுக்கிய கடிதத்தை அனுப்பாமல் விட எவருக்கும் மனம் வராது. ஆகவே அனுப்புவதா என்ற முடிவு, திருத்துவதற்குப் பின் அல்ல, முன்பே எடுக்கப்பட வேண்டும்.

அந்த முடிவை எடுப்பதற்கு முதலில் அளவுகோல்கள் வேண்டும். அவற்றைச் சொல்லிவிட்டு, முன்னால் உள்ள வழிகளை ஒவ்வொன்றாக அவற்றோடு உரசிப் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், செய்ததைத் திரும்பப் பெற முடியுமா என்பது. தொழில்நுட்பம் இதில் பொய்யான நம்பிக்கையைத் தருகிறது. ஜிமெயிலில் அனுப்பியதை ரத்துசெய்யும் வசதிக்கு அதிகபட்சமாகக் கிடைக்கும் அவகாசம் 30 நொடிகள்தான். அதையும் அமைப்புகளில் சென்று நாமே மாற்றி வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள் திருத்தலாம். ஆனால் திருத்தப்பட்டது என்ற குறிப்பு அதன் அருகிலேயே நிற்கும். அழித்தாலும் அழித்ததற்கான தடம் நிற்கும். அழித்த செய்தி எவ்வளவு மோசமானதாக இருந்திருக்கும் என்று எதிர்ப்பக்கம் கற்பனை செய்துகொள்ளும். அவுட்லுக்கில் உள்ள மின்னஞ்சலை மீளப்பெறும் வசதி, பெறுநரும் அதே நிறுவனத்தின் அஞ்சல் அமைப்பில் இருந்தால் மட்டுமே வேலை செய்யும். இந்த வசதிகள் எல்லாம் தட்டச்சுப் பிழைக்கும் தவறான முகவரிக்கும் உதவக்கூடியவை. 30 நொடிகளில் கோபம் தணிவதில்லை. அனுப்பாத கடிதத்தை நாளைக்கும் அனுப்பலாம். அனுப்பிய கடிதத்தை நாளைக்கு அனுப்பாததாக ஆக்க முடியாது. இந்தச் சமனின்மை எல்லா வழிகளுக்கும் பொதுவானது.

இரண்டாவது, இந்தக் கடிதத்தால் என்ன நடக்க வேண்டும் என்பது. "இதைப் படித்தபின் அவர் என்ன செய்ய வேண்டும்?" என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதிப் பாருங்கள். "பட்டியலைத் திருத்தி அனுப்ப வேண்டும்", "பணத்தைத் திருப்பித் தர வேண்டும்", "இனி எனக்குத் தெரியாமல் இந்த விஷயத்தை மற்றவர்களிடம் பேசக் கூடாது" என்று வந்தால், கடிதத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. "வெட்கப்பட வேண்டும்", "தான் எப்படிப்பட்டவர் என்று உணர வேண்டும்" என்று வந்தால், அந்த வேலையை எந்தக் கடிதத்தாலும் செய்துமுடிக்க இயலாது. குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் செய்வது தன்னைத் தற்காத்துக்கொள்வதுதான்.

மூன்றாவது, நம் மௌனம் எப்படிப் படிக்கப்படும் என்பது. இருவருக்கு மட்டுமான செய்தியில் இரண்டு நாள் மௌனம் பெரிய பொருள் தருவதில்லை. ஆனால் மேலதிகாரியும் நகலில் இருக்கும் மின்னஞ்சலில், அல்லது விளக்கம் கேட்டு நாள் குறித்து வந்த கடிதத்தில், மௌனம் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

நான்காவது அளவுகோலைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. எழுதுவது கோபத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்பது பரவலான நம்பிக்கை. பிராட் புஷ்மன் என்ற உளவியல் ஆய்வாளர் 2002-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு எதிராக நிற்கிறது. சினமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு சாரார் தங்களைச் சினமூட்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தினர். இன்னொரு சாரார் உடற்பயிற்சியாக நினைத்துக் குத்தினர். மூன்றாவது சாரார் எதுவும் செய்யாமல் அமைதியாக அமர்ந்திருந்தனர். எதிராளியை நினைத்துக் குத்தியவர்களிடம்தான் கோபம் கூடுதலாக எஞ்சியது. சும்மா இருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தனர். குத்துப்பைக்குப் பதில் விசைப்பலகை என்றாலும் ஆபத்து அதேதான்: எதிராளியின் முகத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு அடிக்கு அடி கூர்மையான வாக்கியத்தைத் தேடுவது, கோபத்துக்குத் தீனி போடுவதே. வரைவு எழுதிய பின் எழுந்து நடக்கும்போது உடம்பு தளர்ந்திருக்கிறதா, அல்லது அடுத்த வரி மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கவனித்தாலே, எழுத்து நமக்கு என்ன செய்தது என்று தெரிந்துவிடும்.

## வழி 1: எழுதியதும் அனுப்புவது

இந்த வழியின் கவர்ச்சியை மறைப்பதில் பயனில்லை. உடனே அனுப்பும் பதிலில் தயக்கம் இருக்காது, உண்மை சுடச்சுட இருக்கும், மறுநாள் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டிய பாரமும் இருக்காது.

1950 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் அனுப்பிய ஒரு கடிதம் இதன் விலையைக் காட்டுகிறது. அவருடைய மகள் மார்கரெட் பாடிய கச்சேரியைப் பற்றி வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் இசை விமர்சகர் பால் ஹியூம் சாதகமற்ற விமர்சனம் எழுதினார். டிசம்பர் 6 அன்று அது வெளியானது; அன்றே அதிபர் தம் கைப்பட ஒரு பதில் எழுதினார். எப்போதாவது நேரில் சந்தித்தால் விமர்சகருக்குப் புதிய மூக்கு தேவைப்படும் என்ற பொருளில் அதில் மிரட்டல் இருந்தது. கடிதம் விரைவிலேயே வெளியே வந்தது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மக்களின் பிள்ளைகள் களத்தில் மடிந்துகொண்டிருக்கும்போது அதிபர் மகளின் பாட்டுக்காகச் சண்டை போடுகிறார் என்ற கண்டனம் எழுந்தது.

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் ஒரு விவரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பள்ளிப் பருவம் முதல் ட்ரூமனின் நண்பராகவும் அப்போது அவருடைய பத்திரிகைச் செயலராகவும் இருந்த சார்லி ராஸ், அதற்கு முந்தைய நாள்தான் திடீரென்று இறந்திருந்தார். கடிதத்தில் கொதித்த கோபம் முழுவதும் விமர்சனத்தால் வந்ததுதானா என்று எவராலும் சொல்ல முடியாது. உடனே அனுப்புவதில் மறைந்திருக்கும் செலவு இதுவே: இந்தக் கோபத்தில் எத்தனை பங்கு இந்த மின்னஞ்சலுக்கு உரியது, எத்தனை பங்கு தூக்கமின்மைக்கும் துக்கத்துக்கும் வேறொருவருக்கும் உரியது என்று பிரித்துப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே முகவரிக்குப் போய்விடுகிறது. அந்த அதிபர் சினக் கடிதங்களை எழுதி அனுப்பாமல் வைத்துக்கொள்ளும் பழக்கமும் உடையவர். அப்படி நின்றுபோன கடிதங்கள் பல இருக்கின்றன. பழக்கம் இருந்தும் அன்று அது கைகொடுக்கவில்லை.

இருந்தாலும் உடனே அனுப்புவதே சரியான வழியாக இருக்கும் நிலைமை ஒன்று உண்டு. தவறு இந்த நிமிடம் நடந்துகொண்டிருந்து, ஒரு வரியால் அதை நிறுத்த முடியுமென்றால், காத்திருப்பதுதான் தவறு. தவறான விலைப்பட்டியல் வாடிக்கையாளர்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, ஒருவருடைய மருத்துவ விவரம் பொதுக் குழுவில் பகிரப்பட்டிருக்கிறது என்பன போன்றவை. அங்கே அனுப்ப வேண்டியது "இதை உடனே நிறுத்துங்கள், காரணத்தைப் பிறகு விளக்குகிறேன்" என்பது மட்டும். கோபத்தின் மீதிப் பகுதி அந்த வரியில் ஏறிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

## வழி 2: எழுதி, ஆறப்போட்டு, திருத்தி அனுப்புவது

இந்த வழியைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு நிலைமையை எடுத்துக்கொண்டு கடைசிவரை நடந்து பார்ப்பது பயன் தரும். வெள்ளிக்கிழமை மாலை, இன்னொரு பிரிவின் பொறுப்பாளரிடமிருந்து, துறைத் தலைவரையும் நகலில் சேர்த்து, இப்படி ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

> மாத அறிக்கை தாமதமானதற்குக் காரணம் உங்கள் பிரிவிலிருந்து விவரங்கள் நேரத்துக்கு வராததே. இது முதல் முறையும் அல்ல.

பெற்றவருக்கு நினைவு இருக்கிறது: விவரங்களைச் செவ்வாய்க்கிழமையே அனுப்பியாயிற்று. முதல் வரைவு ஐந்து நிமிடத்தில் பிறக்கிறது:

> நீங்கள் எழுதியிருப்பது அப்பட்டமான பொய். விவரங்களைச் செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிட்டோம். வரும் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் தவறை மறைக்க எங்களைப் பலிகடா ஆக்குவதற்காகவே துறைத் தலைவரை நகலில் சேர்த்திருக்கிறீர்கள். இனிமேலாவது சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.

முதல் எச்சரிக்கை, இதை எங்கே எழுதுவது என்பது பற்றியது. பதில் எழுதும் சாளரத்தில் எழுதினால், பெறுநர்களின் முகவரிகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். விரல் தவறினால் எல்லாருக்கும் போய்விடும். முகவரிகளை அழித்துவிட்டு எழுதலாம் என்றாலும், அலுவலக மின்னஞ்சலின் வரைவுகள் நிறுவனத்தின் கணினி அமைப்பில் சேமிக்கப்படுபவை. அவை நம்முடைய தனிச் சொத்து அல்ல. காகிதம்தான் பாதுகாப்பானது.

அடுத்து, நகலில் துறைத் தலைவர் இருப்பதால், மூன்றாவது அளவுகோலின்படி இங்கே மௌனத்துக்கு விலை உண்டு. இதற்கு ஒரு எளிய தீர்வு இருக்கிறது. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. அன்று மாலையே எல்லாருக்கும் ஓர் இடைக்காலப் பதில் அனுப்பிவிடலாம்: "மின்னஞ்சல் கிடைத்தது. அனுப்பிய விவரங்களையும் தேதிகளையும் சரிபார்த்துத் திங்கட்கிழமை பிற்பகலுக்குள் பதில் எழுதுகிறேன்." இதில் ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை. காத்திருப்பதற்கான உரிமையை இந்த வரி பெற்றுத் தருகிறது. அதோடு, நாள் குறித்துவிட்டதால் பதிலை முடிவின்றித் தள்ளிப்போடவும் இயலாது.

காத்திருக்கும் நேரத்தில் செய்யக் கூடாதது, வரைவைத் திறந்து திறந்து படிப்பது. செய்ய வேண்டியது, ஆதாரங்களைத் திறப்பது. இங்கே அனுப்பியவை அடங்கிய பெட்டியைத் திறந்து பார்த்தால், செவ்வாய்க்கிழமை பிற்பகல் அனுப்பிய மின்னஞ்சல் இருக்கிறது. ஆனால் அதில் மூன்று அட்டவணைகளில் இரண்டுதான் இணைக்கப்பட்டுள்ளன. மூன்றாவது, வியாழக்கிழமை மாலை அவர்கள் கேட்ட பிறகு, வெள்ளிக்கிழமை காலையில்தான் போயிருக்கிறது. கோபத்தில் இருந்தபோது "செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிட்டோம்" என்பது பாறைபோல் உறுதியாக இருந்தது. அது முக்கால்வாசி உண்மை. "அப்பட்டமான பொய்" என்ற தொடர் அன்று மாலையே போயிருந்தால், துறைத் தலைவர் முன்னிலையில் எதிர்ப்பக்கம் அந்த மூன்றாவது அட்டவணையை எடுத்து வைத்திருக்கும். அதன்பின் செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலைப் பற்றிப் பேசவே வாய்ப்பு இருந்திருக்காது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு மணிக்கணக்கு சொல்வதை நான் நம்புவதில்லை. உடம்பின் படபடப்பு சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அதையே மீண்டும் மீண்டும் நினைத்தால் மறுபடியும் எழும். ஆகவே கடிகாரத்தைவிட ஒரு சோதனை நம்பத்தக்கது: எதிர்த் தரப்பின் வாதத்தை, அவரே படித்தாலும் "ஆம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும் வகையில், இரண்டு வாக்கியங்களில் எழுத முடிகிறதா? "மூன்றாவது அட்டவணை வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது, அது இல்லாமல் அறிக்கையை முடிக்க முடியவில்லை" என்று எழுத முடிந்தால் காத்திருப்பு முடிந்துவிட்டது. அவருடைய வாதத்தை எழுதப் போய் அவருடைய குணத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தால், இன்னும் ஒரு நாள் தேவை.

இந்தக் கட்டத்தில்தான், திருத்தத் தொடங்கும் முன்பு, அனுப்புவதா என்ற கேள்விக்கு விடை எழுத வேண்டும். நம் நிலைமையில் விடை தெளிவு: பதிவில் தேதிகள் சரியாக நிற்க வேண்டும், அடுத்த மாதம் இந்தக் குழப்பம் வரக் கூடாது. இரண்டுமே எழுத்தால் ஆகக்கூடிய வேலைகள். எனவே அனுப்பலாம்.

திருத்தும்போது வருகிற பெரிய இடர், கோபம் நீங்குவதற்குப் பதிலாக மரியாதை உடுத்திக்கொள்வதுதான். இரண்டாவது வரைவு பல நேரங்களில் இப்படி அமைகிறது:

> தங்களுக்கு உள்ள வேலைப்பளுவில் எங்கள் மின்னஞ்சல் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்பதை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். ஏற்கெனவே தெளிவாகக் குறிப்பிட்டபடி, விவரங்கள் செவ்வாய்க்கிழமையே அனுப்பப்பட்டன. தயவுசெய்து ஒருமுறை பொறுமையாகச் சரிபார்க்கவும்.

எழுதியவர் இதைப் பண்பான கடிதம் என்று நம்புகிறார். படிப்பவர் முதல் வரைவில் இருந்த அத்தனை குத்தலையும் இதில் காண்கிறார். கூடவே ஏளனத்தையும் காண்கிறார். எழுத்தில் தொனி எவ்வளவு மோசமாகப் பயணம் செய்கிறது என்பதை ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களும் 2005-இல் காட்டினார்கள்: தாம் கிண்டலாக எழுதினோமா உண்மையாக எழுதினோமா என்பதை மின்னஞ்சலைப் படிப்பவர் எளிதில் கண்டுகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள்; படித்தவர்களோ குருட்டு ஊகத்தைவிடச் சிறிதே மேலாகத்தான் கண்டுபிடித்தார்கள். எழுதும்போது நம் குரல் நம் காதிலேயே ஒலிப்பதுதான் இதற்குக் காரணம். அவருக்கு அந்தக் குரல் கேட்பதில்லை. ஏற்கெனவே சச்சரவு இருக்கும் இடத்தில், சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொரு தொடரும் மோசமான பொருளிலேயே படிக்கப்படும்.

இதைத் தவிர்க்க, வாக்கியத்தை மென்மையாக்குவதை விட்டுவிட்டு, வாக்கியத்தின் வகையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் நடந்ததைச் சொல்கிறதா, ஒன்றைக் கேட்கிறதா, அல்லது அவருடைய மனத்தில் இருப்பதை ஊகிக்கிறதா என்று குறித்துக்கொண்டே வரலாம். முதல் இரண்டு வகைகளும் நிற்கலாம். மூன்றாவது முழுவதும் போக வேண்டும். "கண்ணில் படாமல் போயிருக்கலாம்" என்பதும் ஊகம்தான், அது எவ்வளவு கனிவாக ஒலித்தாலும். "பலிகடா ஆக்குவதற்காகவே" என்பது ஊகம் என்பதில் ஐயமே இல்லை. பிறகு "இனிமேலாவது", "ஏற்கெனவே சொன்னபடி", "கூடவா தெரியாது" போன்ற ஒட்டுச் சொற்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். கோபத்தின் கடைசி ஒளிவிடம் அவைதான். வழக்கமாக "நீங்கள்" என்று எழுதும் ஒருவருக்குத் திடீரென்று "தாங்கள்" என்று எழுதுவதும் அப்படித்தான். அது மரியாதையாகப் படாது, கதவைச் சாத்தியதாகவே படும். இப்படிச் சல்லடை போட்டபின் எஞ்சுவது சிறிய கடிதம்:

> அனுப்பிய மின்னஞ்சல்களைச் சரிபார்த்தேன். முதல் இரண்டு அட்டவணைகளைச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் அனுப்பியிருக்கிறோம். மூன்றாவது அட்டவணை அதில் விடுபட்டிருந்தது. வியாழக்கிழமை மாலை நீங்கள் கேட்டபின் வெள்ளிக்கிழமை காலை அனுப்பினோம். இரண்டு மின்னஞ்சல்களையும் இணைத்துள்ளேன். முன்பும் தாமதம் நேர்ந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள்; எந்த மாதங்கள் என்று தெரிவித்தால் அவற்றையும் சரிபார்க்கிறேன். அடுத்த மாதம் முதல், எதுவும் விடுபட்டிருந்தால் மறுநாளே சொல்லிவிடுங்கள். அன்றே அனுப்ப ஏற்பாடு செய்கிறேன்.

மூன்றாவது அட்டவணை விடுபட்டதைத் தாமே சொல்லிவிடுவது தோல்வியாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் இருப்பதால்தான் மற்ற தேதிகளைத் துறைத் தலைவர் நம்புவார். "எந்த மாதங்கள்" என்ற கேள்வியும் கவனிக்கத்தக்கது: "முதல் முறை அல்ல" என்ற குற்றச்சாட்டை மறுக்காமலும் ஏற்காமலும், அதை நிரூபிக்கும் பொறுப்பை அது சொன்னவரிடமே திருப்பித் தருகிறது. அதையே கேலியாகக் கேட்காமல் நேராகக் கேட்பதுதான் கடினம்.

இந்த வழியின் மறைமுகச் செலவுகள் இரண்டு. வார இறுதி முழுவதும் மனத்தின் ஒரு மூலை இதிலேயே இருக்கும். சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய நடைமுறை தேவையில்லை. மற்றொன்று, முன்பே சொன்ன உழைப்பின் பிடி: திருத்தத் திருத்தக் கடிதம் அழகாகிறது, அழகான கடிதத்தை அனுப்பாமல் இருக்க முடிவதில்லை.

## வழி 3: எழுதிவிட்டு, அனுப்பாமல் விடுவது

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்தது. ஜார்ஜ் மீட் தலைமையிலான, வட மாநிலங்களின் ஒன்றியப் படை வென்றது. ஆனால் தோற்ற தென் மாநிலத் தளபதி ராபர்ட் லீயின் படை பொட்டோமாக் ஆற்றைக் கடந்து தப்பிவிட்டது. லீயை விரட்டிப் பிடித்திருந்தால் போரே முடிந்திருக்கும் என்று அதிபர் ஆபிரகாம் லிங்கன் கொதித்தார். அவருடைய அதிருப்தி தந்தி வழியாக மீட்டுக்கு எட்டியது. தம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு மீட் கேட்டார். அதைப் பார்த்துவிட்டு ஜூலை 14 அன்று லிங்கன் மீட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதம் வசைக் கடிதம் அல்ல என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வெற்றிக்கு மனமார நன்றி சொல்லித் தொடங்குகிறது; மனவருத்தம் தந்ததற்கு வருந்துகிறது; பிறகு லீ எப்படிப் பிடிபட்டிருக்கலாம் என்பதை விவரித்து, பொன்னான வாய்ப்பு போய்விட்டது என்றும் அதனால் தம் துயரம் அளவற்றது என்றும் சொல்கிறது; குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை என்று முடிகிறது. திருத்துவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தும் லிங்கன் அதை அனுப்பவில்லை. அனுப்பவோ கையெழுத்திடவோ இல்லை என்று உறையின் மேல் குறித்து வைத்துவிட்டார்.

ஏன் அனுப்பவில்லை என்று அவர் விளக்கம் எழுதி வைக்கவில்லை. ஆனால் நம் இரண்டாவது அளவுகோலை வைத்துப் பார்த்தால் விடை கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் கடிதத்தைப் படித்தபின் மீட் என்ன செய்திருப்பார்? ஏற்கெனவே விலகக் கேட்டிருந்தவர், விலகியே தீருவேன் என்றிருப்பார். லீ திரும்பி வந்து பிடிபடப் போவதில்லை. கடிதத்தில் இருந்தவை உண்மை என்று லிங்கன் நம்பினார். ஆனால் அந்த உண்மையால் இனி ஆகக்கூடிய வேலை எதுவும் இல்லை. மீட் பொறுப்பில் நீடித்தார். 1865-இல் போர் முடியும்வரை அந்தப் படையின் தலைவராகவே இருந்தார்.

எழுதியது நியாயமா என்பதும் அனுப்பத் தக்கதா என்பதும் இரண்டு கேள்விகள். நல்ல கடிதத்தையும் அனுப்பாமல் விடலாம். நடந்து முடிந்த, இனி மாற்ற முடியாத ஒன்றைப் பற்றிய கடிதமென்றால், பெரும்பாலும் அனுப்பாமல் விடுவதே சிறந்தது.

அனுப்பாத கடிதத்தை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்பது அடுத்த கேள்வி. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நேரடியாகப் பொருந்துகிறது. இழிவான மதிப்பீடு எழுதிக் கொடுத்துச் சினமூட்டப்பட்ட மாணவர்கள் தங்கள் உணர்வைக் காகிதத்தில் எழுதினர். காகிதத்தைத் தூக்கி எறிந்தவர்களின் கோபம் ஏறத்தாழப் பழைய நிலைக்கு இறங்கியது. அதை வைத்துக்கொண்டவர்களின் கோபம் அந்த அளவு இறங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் எழுந்த சிறு கோபத்துக்கும் பல ஆண்டுக் காயத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் என் கருத்து இதுதான்: பின்னால் ஆதாரமாகத் தேவைப்படும் தேதிகளையும் நிகழ்வுகளையும் தனியே ஒரு தாளில் பெயர்த்து எழுதிவிட்டு, கடிதத்தைக் கிழித்துப் போடுவது நல்லது. வரைவுப் பெட்டியில் கிடக்கும் கடிதம், இன்னொரு கெட்ட நாளில் திறக்கக் காத்திருக்கும் கடிதம்.

இந்த வழிக்கும் செலவு உண்டு, அது நெடுநாள் கழித்தே தெரியும். எழுதிவிட்டதால் சொல்லிவிட்டது போன்ற மயக்கம் மனத்தில் உண்டாகிறது; எதிரில் இருப்பவருக்கோ ஒன்றுமே தெரியாது. அவர் அதே செயலைத் திரும்பச் செய்யும்போது, "இரண்டாவது முறை" என்று நமக்குக் கோபம் இரட்டிப்பாகிறது. அவரைப் பொறுத்தவரை யாரும் இதுவரை ஆட்சேபம் சொல்லவே இல்லை. ஆகவே திரும்பத் திரும்ப நடக்கும் செயலைப் பற்றிய கடிதத்தை அனுப்பாமல் விடுவது, அமைதி போலத் தோன்றினாலும், அமைதி அல்ல.

## வழி 4: எழுதாமல் பேசுவது

மேலே எடுத்துக்கொண்ட நிலைமையில் துறைத் தலைவர் நகலில் இல்லாமலிருந்தால், நான் முதலில் சொல்லும் வழி தொலைபேசியாகவே இருக்கும். குரலில் தொனி கேட்கும், அட்டவணை விடுபட்டது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் பேச்சுக்குப் பதிவு கிடையாது. பேசும்போது வார்த்தையை ஆறப்போடவும் முடியாது. மிரட்டும் சுபாவம் உடையவரிடமும், சொன்னதைச் சொல்லவில்லை என்று மறுப்பவரிடமும் எழுத்துதான் பாதுகாப்பு.

## பக்கத்தில் பக்கமாக

| | உடனே அனுப்புதல் | ஆறப்போட்டுத் திருத்தி அனுப்புதல் | எழுதி அனுப்பாமல் விடுதல் | பேசுதல் |
|---|---|---|---|---|
| திரும்பப் பெறுதல் | வாய்ப்பு மிகக் குறைவு | அனுப்பும்வரை முழுவதும் நம் கையில் | எப்போதும் நம் கையில் | சொன்னது சொன்னதுதான் |
| பொருந்தும் நோக்கம் | நடக்கும் தவறை நிறுத்த | பதிவைச் சரிசெய்ய, ஒன்றைக் கேட்டுப் பெற | முடிந்துபோனதைக் கடக்க | உறவைக் காக்க, குழப்பம் தீர்க்க |
| மௌனத்தின் விலை | இல்லை | இடைக்காலப் பதிலால் குறையும் | நகலில் பிறர் இருந்தால் அதிகம் | இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | வேறு இடத்துக் கோபமும் சேர்ந்து போகும் | மரியாதை உடுத்திய குத்தல். உழைப்பின் பிடி | சொல்லிவிட்டோம் என்ற மயக்கம் | பதிவு இராது |

## இன்னும் முடிவுக்கு வர முடியாதவர்களுக்கு

அளவுகோல்கள் இரண்டு பக்கமும் இழுக்கும் நேரங்கள் உண்டு. குறிப்பாகக் குடும்பத்துக்குள் எழுதும் கடிதங்களில். அப்போது இன்னொருவரிடம் காட்டுவது உதவும். ஆனால் யாரிடம், என்ன கேட்டு என்பதைப் பொறுத்துத்தான். நம் பக்கம் நிற்கும் நண்பரிடம் "சரியாக எழுதியிருக்கிறேனா?" என்று கேட்டால், "இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக் கேள்" என்ற பதில்தான் வரும். சச்சரவின் பின்னணி தெரியாத, இரு தரப்பிலும் சேராத ஒருவரிடம், கடிதத்தை மட்டும் கொடுத்து, கதையைச் சொல்லாமல், "இதை எழுதியவர் என்ன கேட்கிறார்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் நம்முடைய கோரிக்கையைத் திருப்பிச் சொன்னால் கடிதம் அனுப்பத் தயாராகிவிட்டது. "எழுதியவர் ரொம்பக் கோபமாக இருக்கிறார்" என்று சொன்னால், கோரிக்கை இன்னும் கடிதத்துக்குள் வந்து சேரவில்லை. அதைத் தனியே ஒரே வரியில் எழுதிப் பார்த்து, அந்த வரியை மட்டும் அனுப்பினால் போதுமா என்று கேட்டுக்கொள்ளலாம். பல நேரங்களில் அதுவே போதும்.